முன்கதையைக் கடைசியில் எழுதுங்கள்

2014-இல் வெளியான அமெரிக்கப் பாட்காஸ்ட் ‘சீரியல்’, 1999-இல் பால்டிமோரில் நடந்த ஒரு மாணவியின் கொலையை அத்தியாயம் அத்தியாயமாக ஆராய்ந்தது. பழைய அத்தியாயங்களின் குரல் துணுக்குகளைக் கோத்து முன்கதை அமைத்தார்கள். தொடர்ந்து கேட்பவருக்குக் குரலே போதும், நினைவு வந்துவிடும். புதியவருக்கோ பேசுவது யாரென்றே தெரியாது. எனவே துணுக்குக்கு முன் பெயரையும் உறவையும் சேர்த்து ஒரு வரி சொல்லவேண்டும்: “கொலையானவரின் முன்னாள் காதலன் அத்னான்.”

எதைச் சேர்ப்பது என்பதை இன்றைய அத்தியாயமே தீர்மானிக்கும். பேச்சு கைபேசி அழைப்புப் பதிவுகளைப் பற்றியதென்றால், அவற்றோடு ஒப்பிடப்படும் ஜேயின் சாட்சியம் வேண்டும். காதல் கதை வேண்டாம்.

எழுதியதைத் தொடரே கேட்காத ஒருவருக்குப் போட்டுக்காட்டுங்கள். யார் யாரென்று அவர் சரியாகச் சொல்லாவிட்டால் திருத்துங்கள்.