போனில் இடம் இருக்கிறது, பேக்கப் மட்டும் ஏன் நிற்கிறது?

ஐபோன் வைத்திருக்கும் பலருக்கு இந்த அறிவிப்பு பழகிப்போன ஒன்று. காலையில் போனைக் கையில் எடுத்தால், ஐகிளவுடில் போதிய இடம் இல்லாததால் இந்த ஐபோனை பேக்கப் எடுக்க முடியவில்லை என்று வந்து நிற்கும். பார்த்தவர் உடனே கேலரியைத் திறந்து நாலைந்து வீடியோக்களை அழிப்பார், பயன்படுத்தாத இரண்டு ஆப்களைத் தூக்குவார். மறுநாள் காலையிலும் அதே அறிவிப்பு வரும். போனில் பாதி இடம் காலியாக இருக்கும்போது எது நிறைந்தது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

நிறைந்தது போன் அல்ல. ஐபோனுக்கு இரண்டு இடக் கணக்குகள் உண்டு. ஒன்று, கடையில் காசு கொடுத்து வாங்கும் 128 ஜிபி, 256 ஜிபி என்கிற போனின் கொள்ளளவு. மற்றொன்று, ஆப்பிளின் சர்வரில் ஒவ்வொரு கணக்குக்கும் இலவசமாகத் தரப்படும் 5 ஜிபி. பேக்கப் போய்ச் சேருவது இந்த இரண்டாவது இடத்துக்கு. 2011 அக்டோபரில் ஐகிளவுட் தொடங்கியபோதும் இலவச இடம் 5 ஜிபிதான். அதே வாரத்தில் விற்பனைக்கு வந்த ஐபோன் 4எஸ்ஸின் ஆரம்ப மாடல் 16 ஜிபி. ஐபோன் 17-இன் ஆரம்ப மாடலோ 256 ஜிபி. போன் பதினாறு மடங்கு பெருத்துவிட்டது, இலவச இடம் நகரவே இல்லை.

கேமராவும் சும்மா இருக்கவில்லை. சாதாரண 1080பி தரத்தில் ஒரு நிமிட வீடியோ சுமார் 60 எம்பி பிடிக்கும். அதையே 4கே தரத்தில், நொடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி. பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளையின் நடனத்தைப் பதின்மூன்று நிமிடம் எடுத்தால், அந்த ஒரு வீடியோவே 5 ஜிபியைத் தாண்டிவிடும்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது கேலரியை அல்ல. Settings-ஐத் திறந்து, மேலே இருக்கும் சொந்தப் பெயரைத் தொட்டு, iCloud, பிறகு Storage என்று உள்ளே போக வேண்டும். 5 ஜிபியை யார் யார் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று அங்கே வண்ணப் பட்டையாகத் தெரியும். அதற்குள் Backups என்ற பகுதியில் போனின் பெயரைத் தொட்டால், அடுத்த பேக்கப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும், எந்த ஆப் எவ்வளவு கேட்கிறது என்ற பட்டியல் வரும். இந்த இரண்டு திரைகளையும் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மாதத்துக்கு முன்பு பழைய ஐபோனைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிய ஒருவர், இலவச 5 ஜிபியிலேயே காலம் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பட்டையில் பழைய போனின் பேக்கப் 2.1 ஜிபி, வாட்ஸ்அப் தனியாக எடுத்து வைத்த பேக்கப் 0.9 ஜிபி, மெயிலும் மற்றவையும் 0.3 ஜிபி. மீதி இருப்பது 1.7 ஜிபி. ஆனால் புதிய போனின் அடுத்த பேக்கப் கேட்பதோ 11.4 ஜிபி. அதில் படங்களும் வீடியோக்களும் 7.2, வாட்ஸ்அப் 2.9, மற்ற எல்லாம் சேர்ந்து 1.3. இந்த நிலையில் கேலரியிலிருந்து நாலைந்து வீடியோக்களை அழித்து என்ன பயன்?

முதல் ஆதாயம் பழைய போனில் இருக்கிறது. போன் கைமாறிப் போன பிறகும் அதன் பேக்கப் உடனே போய்விடாது. பயன்பாடு நின்று 180 நாட்கள் வரை ஆப்பிள் அதை வைத்திருக்கும். பழைய போனில் இருந்தவை எல்லாம் புதியதில் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, Backups பட்டியலில் அந்தப் பழைய போனின் பெயரைத் தொட்டு அழித்துவிடலாம். நமது உதாரணத்தில் காலியிடம் 3.8 ஜிபியாக உயர்கிறது.

அடுத்தது வாட்ஸ்அப். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு கூத்து நடக்கிறது. குடும்பக் குழுவில் வந்த ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாட்ஸ்அப்புக்குள் இருப்பதால், போனின் பேக்கப்பில் வாட்ஸ்அப் கணக்கில் ஏறுகிறது. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் Save to Photos இயங்கிக்கொண்டிருந்தால் கேலரிக்கும் ஒரு நகல் போய், படங்களின் கணக்கிலும் ஏறுகிறது. வாட்ஸ்அப் தன் பங்குக்கு ஐகிளவுடில் தனியாக ஒரு பேக்கப் எடுக்கும். அதில் Include Videos இயங்கினால் மூன்றாவது முறையும் ஏறுகிறது. ஒரே வீடியோவுக்கு 5 ஜிபிக்குள் மூன்று இடம்.

இந்த மூன்றில் வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப்பை வைத்துக்கொள்வது நல்லது. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட நேர்ந்தால், பழைய அரட்டைகளைக் கொண்டுவருவது அதுதான். அது இருக்கிற தைரியத்தில், போன் பேக்கப்பின் பட்டியலில் வாட்ஸ்அப்பை மட்டும் அணைத்துவிடலாம். போனில் உள்ள அரட்டைகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அதற்கு முன்பு, வாட்ஸ்அப்பின் Chat Backup பகுதிக்குள் போய், கடைசி பேக்கப் எந்தத் தேதியில் முடிந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீடியோக்களை அதில் சேர்க்காவிட்டால் அவை மீளாது என்பதும் நினைவிருக்கட்டும். வேண்டிய ஒன்றிரண்டைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்புக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. தன் பேக்கப்பின் அளவைப்போல 2.05 மடங்கு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. பட்டையில் கொஞ்சம் இடம் தெரிந்தும் வாட்ஸ்அப் பேக்கப் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

மீண்டும் கணக்குக்கு வருவோம். வாட்ஸ்அப்பின் 2.9 போனால் 8.5 ஜிபி வேண்டும், இருப்பது 3.8. இனி கைவைக்கப் படங்கள்தான் இருக்கின்றன. பட்டியலில் Photo Library-ஐ அணைத்தால் 7.2 குறைந்து, வேண்டியது வெறும் 1.3 ஜிபி ஆகிறது. பேக்கப் அன்றிரவே முடிந்துவிடும். முடிந்த பிறகும் 2.5 ஜிபி மிஞ்சும், வாட்ஸ்அப்பின் நிபந்தனைக்கும் அது போதும்.

அறிவிப்பு நின்றுவிட்டது, ஆனால் படங்கள் இப்போது அந்தப் போனில் மட்டும்தான் இருக்கின்றன. போன் பேருந்தில் தொலைந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ 7.2 ஜிபியும் போச்சு. இந்த வழியில் போகிறவர் படங்களை வேறோர் இடத்தில் வைத்தாக வேண்டும். கம்ப்யூட்டர் இருந்தால் காசு செலவில்லை. மேக்கில் ஃபைண்டர் வழியாகவும், விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் அல்லது ஐடியூன்ஸ் வழியாகவும், கேபிளைச் செருகி முழு போனையும் பேக்கப் எடுக்கலாம். 5 ஜிபி வரம்பு அங்கே கிடையாது. பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்தால், சேமித்த பாஸ்வேர்டுகளும் ஹெல்த் விவரங்களும்கூட அதில் சேரும். ஆனால் அந்த பாஸ்வேர்டை மறந்தால் அந்த பேக்கப்பைத் திறக்க வழியில்லை. மாதம் ஒருமுறை கேபிளைச் செருகும் பழக்கம் உள்ளவர்களுக்கே இது சரிப்படும்.

ஐகிளவுட் போட்டோஸ் இயங்கும் போன்களில் கதை வேறு. அப்போது படங்கள் பேக்கப்பில் சேராமல் நேராக ஐகிளவுடுக்குப் போய், அதே 5 ஜிபியைத் தின்னும். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஐகிளவுடில் பத்திரமாக இருக்கிறதே என்று போனில் ஒரு படத்தை அழித்தால், அது ஐகிளவுடிலிருந்தும், அதே கணக்கில் உள்ள ஐபேடிலிருந்தும் சேர்ந்தே அழியும். 30 நாட்கள் Recently Deleted ஆல்பத்தில் கிடக்கும், அதுவரை இடமும் முழுதாகக் காலியாகாது. அடுத்தது Optimize iPhone Storage. பெயரைப் பார்த்து இதைத் தட்டிவிடுபவர்கள் ஏராளம். அது பெரிய படங்களை ஐகிளவுடில் வைத்துவிட்டு போனில் சிறிய பிரதியை வைக்கும். மிச்சமாவது போனின் இடம்; நிறைந்து கிடக்கும் ஐகிளவுடில் ஒரு எம்பிகூடக் குறையாது.

காசு கொடுத்து இடம் வாங்குவது மற்றொரு வழி. இந்தியாவில் ஐகிளவுட் பிளஸ் திட்டம் 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய், 200 ஜிபிக்கு 219 ரூபாய், 2 டிபிக்கு 749 ரூபாய். நமது உதாரணத்துக்காரர் எதையும் அழிக்காமல், எதையும் அணைக்காமல் 50 ஜிபி எடுத்தால், எல்லாம் சேர்ந்து 15 ஜிபிகூட ஆகாது. வருடத்துக்கு 900 ரூபாய். கம்ப்யூட்டர் இல்லாதவர், பிள்ளைகளின் படங்கள் போனில் மட்டும் இருப்பவர் என்றால் இதுவே நேர்வழி. பழைய போனின் பேக்கப்பை அழிப்பது மட்டும் எந்தத் திட்டத்திலும் செய்ய வேண்டிய வேலை.

வீட்டில் மூன்று ஐபோன் இருந்தால் கணக்கு மாறுகிறது. ஆளுக்கு ஒரு 50 ஜிபி என்றால் மாதம் 225 ரூபாய். ஒருவர் 200 ஜிபி எடுத்து, ஃபேமிலி ஷேரிங் வழியாக மற்றவர்களோடு பகிர்ந்தால் 219 ரூபாய்தான், இடமும் 50 ஜிபி கூடுதல். மொத்தம் ஆறு பேர் வரை சேரலாம். இடம்தான் பொது. அப்பாவின் படங்களை மகளோ மகளின் அரட்டைகளை அப்பாவோ பார்க்க முடியாது.

வாங்கிய திட்டத்தை நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். 30 ஜிபி சேர்ந்த பிறகு இலவசத்துக்குத் திரும்பினால், புதிய படங்கள் ஏறாது, பேக்கப் நின்றுவிடும், ஐகிளவுட் மெயில் முகவரி வைத்திருந்தால் அதில் கடிதம் வரவும் போகவும் முடியாது. நிறுத்துவதற்கு முன்பே படங்களைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட வேண்டும்.

புதிய ஐபோன் வாங்கப் போகிறவர், மாறுவதற்காக மட்டும் திட்டம் எடுக்கத் தேவையில்லை. Settings-இல் General பகுதியின் அடியில் Transfer or Reset iPhone என்று இருக்கும். அதில் Prepare for New iPhone என்பதன் கீழ் தொடங்கினால், இடம் போதாவிட்டாலும் முழு போனையும் பேக்கப் எடுக்க ஆப்பிள் தற்காலிக இடம் தருகிறது. அந்த பேக்கப் 21 நாட்கள் இருக்கும், கட்டணம் இல்லை.

ஐகிளவுட் நிறைந்துவிட்டது, இன்றே பணம் கட்டாவிட்டால் படங்கள் அழியும் என்று மிரட்டும் மின்னஞ்சல்களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அட்டை எண்ணைப் பிடுங்குவதே அவற்றின் நோக்கம். இப்படி எது வந்தாலும் அதில் உள்ள இணைப்பைத் தொடாமல் Settings-க்குள் போய்ப் பட்டையைப் பார்த்தால் போதும். பணம் கட்டுவதும் அங்கேயிருந்து மட்டும்.

எந்த வழியில் போனாலும், iCloud Backup திரையில் Back Up Now-ஐ ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். தானாக நடக்கும் பேக்கப்புக்கு போன் சார்ஜரில் இருக்க வேண்டும், வைஃபையில் இருக்க வேண்டும், திரை பூட்டியிருக்க வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு எடுக்கும் பேக்கப் மெதுவான இணைப்பில் பல மணி நேரம் ஓடலாம். அந்தப் பொத்தானுக்குக் கீழே கடைசியாக வெற்றிகரமாக முடிந்த தேதியும் நேரமும் இருக்கும். மறுநாள் காலையில் அங்கே புதிய தேதி வந்திருந்தால் வேலை முடிந்தது. பழைய தேதியே நின்றால், அடுத்த பேக்கப்பின் அளவையும் மீதி இடத்தையும் மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.