ஒரு நோட்டு, மூன்று கேள்விகள்

நிரலாக்க வகுப்பில் எழுதும் நோட்டு தேதி வரிசையில் வளர்கிறது. கரும்பலகையில் முதலில் வந்தது முதல் வரியில் இருக்கும். லிஸ்ட் என்றால் என்ன என்ற விளக்கத்துக்குக் கீழே அதை எழுதும் முறையும், அதற்கும் கீழே ஆசிரியர் இரண்டு முறை அழுத்திச் சொன்ன எச்சரிக்கையும் வரும். பக்கத்தின் ஓரத்தில், லேபில் திரையில் வந்த சிவப்பு வரி பாதி மட்டும் எழுதப்பட்டிருக்கும். வகுப்பு நடக்கும்போது இப்படி எழுதுவதுதான் வசதி. திருப்புதல் நேரத்தில் அதே நோட்டைத் திறந்தால், வேண்டிய வரி அதில் இருப்பது தெரியும். எந்தப் பக்கத்தில் என்பது மட்டும் தெரியாது.

இதற்குக் காரணம் கையெழுத்தோ சோம்பலோ அல்ல. ஒரே பக்கத்தில் மூன்று வகை அறிவு கலந்து கிடக்கிறது, மூன்றையும் மாணவர் தேடுவது மூன்று வேறு நேரங்களில். கருத்தைத் தேடும்போது மனத்தில் இருப்பது “இது ஏன் இப்படி நடக்கிறது?” என்ற கேள்வி. சிண்டாக்ஸைத் தேடும்போது “செய்ய வேண்டியது தெரியும், எழுதுவது எப்படி?” என்ற கேள்வி. பிழைக் குறிப்பைத் தேடும்போது கையில் இருப்பது திரையில் வந்த ஒரு வரி மட்டுமே. அந்தந்த நேரத்தில் கையில் எது இருக்குமோ, அதையே தலைப்பாக வைத்து ஒவ்வொரு பகுதியையும் எழுத வேண்டும். நான்கு நிறப் பேனாவால் அடிக்கோடிடும் பழக்கம் பெரிதாக உதவாமல் போவது இதனால்தான். நிறம் வகையைக் காட்டும், இடத்தைக் காட்டாது.

தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணினி அறிவியலிலும் பல கல்லூரிகளின் முதலாண்டிலும் பைத்தான் பாடம் உண்டு. அந்த நோட்டில் லிஸ்ட் பற்றிய பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```python
a = [30, 10, 20]
b = a
b.append(40)
print(a)      # [30, 10, 20, 40]
a = a.sort()
print(a)      # None
```

இதைச் சுற்றிலும் துண்டு வாக்கியங்கள் இருக்கும்: “லிஸ்ட் மாற்றக்கூடியது”, “இண்டெக்ஸ் 0-இல் தொடங்கும்”, “`b = a` காப்பி இல்லை!!”, “`sort` வரிசைப்படுத்தும்”. கடைசி வரியில் `None` வந்ததற்கான காரணம் எழுதப்பட்டிருக்காது. மணி அடித்திருக்கும்.

பிரிப்பதற்கு முன் நோட்டிலுள்ள ஒவ்வொரு நிரலையும் கணினியில் தட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பலர் தாண்டிப் போகும் படி இது. பலகையிலிருந்து எழுதும்போது அடைப்புக்குறி விடுபட்டிருக்கலாம், வரியின் தொடக்க இடைவெளி தப்பியிருக்கலாம். அண்ணன், அக்காவிடமிருந்து வந்த பழைய நோட்டாக இருந்தால் `print "a"` என்று அடைப்புக்குறி இல்லாத வரிகூட இருக்கும். அது பைத்தான் 2-இன் எழுத்துமுறை. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது. பைத்தான் 3-இல் அந்த வரி ஓடாது. ஓட்டிப் பார்த்த பதிப்பின் எண்ணையும் முதல் பக்கத்தில் குறித்துவிடுவது நல்லது, ஏனெனில் பிழைச் செய்திகளின் வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. `if a = 5:` என்று எழுதினால் 3.9 பதிப்பு `invalid syntax` என்பதோடு நின்றுவிடும். 3.10 முதல், `==` என்று எழுத நினைத்தீர்களா என்றும் கேட்கிறது.

ஓடிய பிறகு கருத்துகளைப் பிரித்தெடுக்கலாம். ஒரு வரி கருத்துதானா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: நிரல் சொற்கள் எதையும் எழுதாமல் அதைத் தமிழில் சொல்ல முடிகிறதா? மேலுள்ள பக்கத்தில் அப்படிச் சொல்லக்கூடியவை இரண்டு. முதலாவது, ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். வீட்டில் ராஜா என்றும் பள்ளியில் ராஜேந்திரன் என்றும் அழைக்கப்படும் பையனைப் போல. ராஜாவுக்கு முடி வெட்டினால் ராஜேந்திரனுக்கும் வெட்டியாயிற்று. `b = a` என்ற வரி புதிய பையனைக் கொண்டுவரவில்லை, இருக்கும் பையனுக்கு இன்னொரு பெயர் வைக்கிறது. இரண்டு பெயர்களிலிருந்தும் ஒரே பெட்டிக்கு அம்புக்குறி போட்டுப் படம் வரைந்துவிட்டால் விளக்கம் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

இரண்டாவது கருத்து, சில கட்டளைகள் பொருளையே மாற்றிவிட்டு எதையும் திருப்பித் தருவதில்லை. வேறு சில பொருளைத் தொடாமல் புதிதாக ஒன்றைத் தருகின்றன. `sort` முதல் வகை. அது லிஸ்டை அதன் இடத்திலேயே அடுக்கிவிடுகிறது, கையில் தருவதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குப் பைத்தான் வைத்த பெயர் `None`. `a = a.sort()` என்று எழுதியவர் அடுக்கிய லிஸ்டின் பெயரைப் பிடுங்கி அந்த வெறுமைக்கு வைத்துவிட்டார். `append`, `reverse` இரண்டும் இதே வகை. எழுத்துச் சரத்தில் செயல்படும் `upper` எதிர் வகை: சரம் அப்படியே இருக்கும், பெரிய எழுத்துச் சரம் தனியாக வரும். வகுப்பில் ஐந்து நாள் ஐந்து செய்தியாக எழுதப்பட்டவை இங்கே ஒரே கருத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் கருத்துப் பகுதி மூன்றிலும் சிறியதாகத்தான் வரும். பெரிதாகிக்கொண்டே போனால், சிண்டாக்ஸ் அதற்குள் நுழைந்துவிட்டது என்று பொருள்.

கருத்துகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் கேள்வியாக எழுதுவது பயன் தரும். “`b`-இல் சேர்த்தது `a`-இல் ஏன் தெரிகிறது?” என்ற கேள்வியும் மூன்று வரி நிரலும் முன்பக்கத்தில் இருக்கட்டும், விடையும் வெளியீடும் பின்பக்கத்தில் இருக்கட்டும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்களோ, மறுபடி படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். வெளியீட்டை மறைத்து வைப்பது அதற்காகத்தான்.

சிண்டாக்ஸ் பகுதியில் விளக்கம் கூடாது. செய்ய வேண்டிய வேலை ஒரு பக்கம், வரி மறுபக்கம். தலைப்புச் சொல் கட்டளையின் பெயராக இல்லாமல் வேலையின் பெயராக இருக்க வேண்டும். கட்டளையின் பெயர் நினைவில் இருந்தால் நோட்டையே திறக்க வேண்டியதில்லையே.

```python
b = a.copy()    # தனிப் பிரதி எடுக்க
a.sort()        # அதே லிஸ்டை அடுக்க
c = sorted(a)   # அடுக்கிய புதிய லிஸ்ட் பெற
x = a.pop()     # கடைசியை நீக்கிக் கையில் எடுக்க
```

கடைசி வரி கருத்துப் பகுதியின் விதிக்கு அடங்காதது. `pop` லிஸ்டையும் மாற்றுகிறது, நீக்கியதைத் திருப்பியும் தருகிறது. இப்படிப்பட்ட விதிவிலக்குகளை அந்த வரியின் பக்கத்திலேயே ஒரு நட்சத்திரக் குறியோடு எழுத வேண்டும். `copy`-க்கும் ஓர் எல்லை உண்டு: லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் வெளிப்பெட்டிக்கு மட்டுமே பிரதி கிடைக்கும், உள்ளே இருப்பவை இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். கை தானாக எழுதிவிடும் வரிகளை இந்தப் பகுதியில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது பகுதிதான் அதிக உழைப்பைக் கேட்பது. பிழைகளைப் பாடத் தலைப்பின் கீழ் அடுக்கினால் பயனில்லை. பிழை வந்து நிற்பவருக்கு அது எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று தெரியாது. தெரிந்தால் பாதிப் பிழை தீர்ந்த மாதிரி. எனவே தலைப்பு, பிழைச் செய்தியின் கடைசி வரியாக, எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். அதன் கீழே காரணம், திருத்தம், தொடர்புள்ள கருத்தின் எண், அவ்வளவுதான். லிஸ்ட் பக்கத்தில் `None` வந்த பிறகு யாராவது `a.append(50)` என்று எழுதியிருந்தால் வருவது இது:

```
AttributeError: 'NoneType' object has no attribute 'append'
```

இதைத் தலைப்பாக்கி, “முன்னால் எங்கோ `a = a.sort()` போன்ற வரி இருக்கிறது, `a =` என்பதை நீக்கு, கருத்து 2” என்று எழுதினால் போதும். “முன்னால் எங்கோ” என்பது முக்கியம். செய்தி காட்டும் வரி எண், நிரல் விழுந்த இடம். தடுக்கிய இடம் அதற்குப் பத்து வரி மேலே இருக்கலாம். புதிதாகக் கற்பவர்கள் குற்றமற்ற `append` வரியை அரை மணி நேரம் முறைத்துப் பார்ப்பது இந்த வேறுபாடு தெரியாமல்தான்.

செய்தியே வராத பிழைகள் இன்னும் கெட்டவை. நிரல் ஓடும், விடை தவறாக வரும். இவற்றுக்குக் கண்ணில் படும் அறிகுறியே தலைப்பு: “தொடாத லிஸ்ட் மாறியிருக்கிறது”, “கடைசி எண் விடுபடுகிறது”. 1 முதல் 10 வரை கூட்டினால் 55 வர வேண்டும். `range(1, 10)` என்று எழுதியவருக்கு 45 வரும், ஏனெனில் `range` முடிவு எண்ணைச் சேர்ப்பதில்லை. ஒரே தவறு சில நேரம் சத்தம் போடும், சில நேரம் போடாது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். `input()` வழியாக வாங்கிய 12 உண்மையில் எண் அல்ல, எழுத்துச் சரம். அதோடு 1-ஐக் கூட்டினால் `TypeError` வந்து நிரல் நிற்கும். 2-ஆல் பெருக்கினாலோ நிரல் நிற்காமல் `1212` என்று அச்சிடும். இரண்டுக்கும் திருத்தம் ஒன்றே, `int(input())`. பிழைப் பகுதியில் மட்டும் இவை இரண்டு தனிக் குறிப்புகளாக இருக்க வேண்டும், ஏனெனில் திரையில் தெரிவது வேறு வேறு.

எந்தப் பகுதிக்கும் முழுதாகப் பொருந்தாதவையும் வரும். வரித் தொடக்க இடைவெளி அப்படி ஒன்று. நான்கு இடைவெளி விடுவது சிண்டாக்ஸ் பழக்கம்; அந்த இடைவெளிதான் எந்த வரி சுழற்சிக்குள் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது கருத்து; `print` சுழற்சிக்குள் போய்விட்டதால் விடை பத்து முறை அச்சாவது பிழை. ஒரே விளக்கத்தை மூன்று இடத்திலும் எழுதினால் பிரித்ததன் பயன் போய்விடும். விளக்கம் கருத்தில் ஒருமுறை, மற்ற இரண்டிலும் எண் மட்டும். அப்படியும் குழப்பம் தீராவிட்டால், அந்த வரியை அடுத்த முறை எந்த நேரத்தில் தேட நேரும் என்று கேட்டால் இடம் கிடைத்துவிடும்.

பிழைப் பகுதியில் சேர வேண்டியவை மாணவரே செய்த பிழைகள். புத்தகத்தின் பின்பக்கப் பட்டியலிலிருந்து எடுத்தவை பெரும்பாலும் திறந்து பார்க்கப்படாமலே கிடக்கும். லேப் முடியும்போது நிரல் ஓடிவிட்ட மகிழ்ச்சியில் சிவப்பு வரியை அழித்துவிடாமல், அதன் கடைசி வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். காரணத்தை வீட்டுக்குப் போய் எழுதலாம்.