இலை இடுக்கில் தெரியும் வானம்

உச்சி வெயிலில் எடுத்த ஒரு வேப்பமரப் படம். மரம் நன்றாகப் பதிந்திருக்கிறது, பின்னால் வானம் மட்டும் வெளுத்துப்போய் வெள்ளைத் தாள் போலத் தெரிகிறது. போட்டோஷாப்பில் அதை நீக்கிவிட்டு மேகம் திரண்ட வேறொரு வானத்தை வைக்க வேண்டும். வேப்பிலையின் ஓரமோ ரம்பப் பல் போன்றது, இலைகளுக்கு நடுவே எண்ண முடியாத அளவு இடுக்குகள். அவற்றைக் கையால் சுற்றி வரைவது நடக்காத காரியம். அப்படி வரையத் தேவையும் இல்லை, ஏனென்றால் மரத்தின் வரைபடம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

வண்ணப்படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் அடுக்கு. ஒவ்வொன்றும் ஒரு சேனல். Channels பேனலில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தால் மரம் மூன்று விதமாகத் தெரியும். இலையின் பச்சையம் நீல ஒளியைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. அதனால் நீல சேனலில் இலை கருத்துக் கிடக்கும், வானம் பளிச்சென்று இருக்கும். 0 முதல் 255 வரையான அளவில் வானம் 250, நிழல் இலை 45, வெயில் பட்ட இலை 80 என்று வைத்துக்கொள்வோம். பச்சை சேனலில் அதே வெயில் இலை 150-ஐத் தாண்டிவிடக்கூடும், வானத்துக்கும் அதற்கும் இடைவெளி சுருங்கிவிடும். நீலத்தைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

அந்த நீல சேனலுக்கு ஒரு நகல் எடுங்கள். மூலத்தில் கை வைத்தால் படத்தின் நிறமே மாறிவிடும். நகலில் Ctrl+L அழுத்தி லெவல்ஸைத் திறந்து, கறுப்பு முனையை 90-க்கும் வெள்ளை முனையை 225-க்கும் கொண்டுவாருங்கள். மரம் முழுக் கறுப்பாகும், வானம் முழு வெள்ளையாகும். இரண்டு முனைகளையும் இன்னும் நெருக்கினால் படம் சுத்தமாகத் தெரியும்தான், ஆனால் அங்கேதான் வேலை கெட்டுப்போகிறது. இலை விளிம்பில் இருக்கும் புள்ளி பாதி இலை, பாதி வானம். அது சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும். சாம்பலைத் துடைத்துவிட்டால் மரம் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும், நுனிக் காம்புகள் காணாமல் போகும். படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

மரத்துக்குக் கீழே வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவும் வெள்ளையாகவே வரும். அங்கே கறுப்பு பிரஷ் போட்டு மறைத்துவிடலாம். கிளைக்குள் மங்கிக் கிடக்கும் வான இடுக்குகளுக்கு, பிரஷை Overlay மோடில் வைத்து வெள்ளை பூச வேண்டும். இந்த மோடில் முழுக் கறுப்பு அசையாது, சாம்பல் மட்டும் வெளுக்கும்.

பிறகு Ctrl விசையை அழுத்தியபடி சேனலின் சிறு படத்தைச் சொடுக்கினால் வெள்ளைப் பகுதி, அதாவது வானம், செலக்ஷன் ஆகும். புது வானத்தை மேல் லேயராக வைத்து, அந்தச் செலக்ஷனை அதற்கு மாஸ்க்காகக் கொடுங்கள். இப்போது இலைகளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். பழைய வானத்தின் வெளிச்சம் விளிம்புப் புள்ளிகளில் கலந்திருப்பதுதான் காரணம். மாஸ்க்கைச் சுரண்டி இதைப் போக்கப் பார்ப்பவர்கள் இலையைத்தான் தின்கிறார்கள். புது வானத்தின் லேயரை Multiply மோடுக்கு மாற்றுங்கள். வெள்ளையின் மேல் பெருக்கும்போது புது வானம் தன் நிறத்திலேயே விழுகிறது, விளிம்பில் மிச்சமிருக்கும் வெள்ளையும் அதே நிறத்தை ஏற்றுக்கொள்கிறது. இலை ஏற்கெனவே கருமையாக இருப்பதால், மாஸ்க் இலைக்குள் சற்றே வழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் லெவல்ஸின் நடு முனையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி மாஸ்க்கின் சாம்பலை வெளுக்கச் செய்வதே நல்லது.

பழைய வானம் வெள்ளையாக இல்லாமல் நல்ல நீலமாக இருந்தால் இந்த வழி உதவாது. நீலத்தின் மேல் பெருக்கினால் புது வானம் இருண்டுவிடும். அப்போது Normal மோடிலேயே இருந்து, மாஸ்க்கை இலை விளிம்புக்குள் ஒரு மயிரிழை தள்ளி வைக்க வேண்டும்.

நீல வானத்துக்குக் கீழே வெள்ளைக் கட்டடங்கள் நிறைய இருந்தால் Select மெனுவில் உள்ள Color Range எளிது. அது வெளிச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை, நிறத்தையும் பார்க்கிறது. ஐட்ராப்பரால் வானத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, ப்ளஸ் ஐட்ராப்பரால் தொடுவானத்தருகே உள்ள வெளிர்நீலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். Fuzziness 40-இல் தொடங்கி, முன்னோட்டத்தில் கிளை இடுக்குகள் வெளுக்கும்வரை மெல்ல ஏற்றுங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னை, மா போன்ற மரங்களின் வழவழப்பான இலைகள் வானத்தையே பிரதிபலிக்கும், அதனால் அந்த இலைப் பரப்பும் வானமாக எண்ணப்பட்டு மரத்தின் நடுவே ஓட்டைகள் விழும். முன்னோட்டத்தில் கறுப்பு மரத்துக்குள் வெண்திட்டுகள் தெரிந்தால் அவை அந்த மினுமினுப்புதான். Fuzziness-ஐக் குறைத்து அவற்றைப் போக்கப் பார்த்தால் விளிம்பின் சாம்பலும் சேர்ந்து போய்விடும். திட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, செலக்ஷன் மாஸ்க் ஆனபிறகு கறுப்பு பிரஷால் அடைப்பதே சரி.