காந்தலும் மினுமினுப்பும்

கறுப்பு பேன்ட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். பாக்கெட் ஓரத்திலும் தையல் மேட்டிலும் மடிப்புக் கோட்டிலும் எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. துவைத்தாலும் அது போவதில்லை. வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத பேன்ட் பழையதுபோலத் தெரிவதற்குப் பெரும்பாலும் துணி காரணமில்லை, இஸ்திரிப்பெட்டிதான் காரணம்.

காந்தல் வேறு, மினுமினுப்பு வேறு. காந்தலில் நாரே கருகத் தொடங்கிவிடுகிறது, அது பொருளின் மாற்றம். மினுமினுப்பில் எதுவும் கருகவில்லை. நாரின் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. உருண்டையான இழைகள் சூட்டிலும் அழுத்தத்திலும் நசுங்கித் தட்டையாகும்போது, முன்பு பல திசையில் சிதறிய வெளிச்சம் கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசையில் திரும்புகிறது. அடர்நிறத் துணியில் இது நன்றாகத் தெரியும், வெள்ளையில் தெரியாது. அதனால்தான் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இந்தக் குறையைச் சொல்வதே இல்லை.

சட்டைக் காலரின் உள்பக்கத்திலோ இடுப்புத் தையலிலோ ஒரு சிறிய லேபிள் இருக்கும். அதில் பெட்டி வடிவப் படத்துக்குள் புள்ளிகள் அச்சாகியிருக்கும். ஒரு புள்ளி என்றால் பெட்டியின் அடித்தட்டு சுமார் 110 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, இரண்டு புள்ளி என்றால் 150, மூன்று புள்ளி என்றால் 200. பாலியஸ்டருக்குப் பொதுவாக ஒரு புள்ளி, சிலவற்றில் இரண்டு. பட்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை. பருத்திக்கு மூன்று. பெட்டியின் சூட்டுக் குமிழிலும் பெரும்பாலும் இதே புள்ளிகளோ துணிகளின் பெயர்களோ இருக்கும். கணக்கு எளிது. ஆனால் எண்ணைச் சரியாக வைத்தும் துணி காந்திவிடுகிறதே, ஏன்?

வழக்கமான எலக்ட்ரிக் பெட்டிக்குள் இருவகை உலோகம் ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. சூடேறும்போது ஒரு உலோகம் மற்றதைவிட அதிகமாக நீள்வதால் பட்டை வளைந்து மின்சாரத்தை அறுக்கிறது. ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கிறது. விளக்கு எரிவதும் அணைவதும் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுகின்றன. குமிழைத் திருப்பிய பிறகு முதல் முறை சூடேறும்போது மின்சாரம் அறுந்தாலும், உள்ளே தேங்கிய சூடு அடித்தட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த முதல் சுற்றில் தட்டு குறித்த அளவைத் தாண்டிவிடும். விளக்கு அணைந்த உடனே பட்டில் வைத்தால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. விளக்கு இரண்டு முறை அணைந்து எரியும் வரை பொறுத்தால் சூடு நிலைத்துவிடும்.

அதோடு, பெட்டி சூடேற ஆகும் நேரத்தைவிட ஆறுவதற்கு ஆகும் நேரம் பல மடங்கு அதிகம். பருத்தி வேட்டியைத் தேய்த்துவிட்டுக் குமிழைப் பாலியஸ்டருக்குத் திருப்பினால் குமிழ்தான் மாறியிருக்கும், தட்டு மாறியிருக்காது. ஆகவே குறைந்த சூட்டுத் துணியை முதலில் தேய்க்க வேண்டும். கூடையை அப்படியே கவிழ்த்து மேலே கிடப்பதை எடுக்கும் பழக்கம்தான் பல துணிகளைப் பலிகொண்டிருக்கிறது.

குமிழே இல்லாத கரிப்பெட்டிக்காரர்கள் சூட்டை எப்படி அறிகிறார்கள்? விரலை நனைத்துத் தட்டில் ஒரு துளி தெளிப்பார்கள். துளி பரவி 'சுர்' என்று கொதித்தால் சூடு மிதம். அதுவே முத்தாக உருண்டு ஓடினால், துளிக்கும் இரும்புக்கும் நடுவில் நீராவி மெத்தை விரித்துவிட்டது என்று பொருள். அப்படியானால் தட்டு 200 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அது பருத்திக்கு உரிய சூடு. அந்தச் சூட்டோடு பட்டுக்குப் போகக்கூடாது. இந்த உருளும் துளியைப் பற்றி 1756-ல் எழுதிய ஜெர்மன் மருத்துவர் லெய்டன்ஃப்ரோஸ்டின் பெயரைத்தான் இயற்பியல் புத்தகங்கள் இதற்கு வைத்திருக்கின்றன. நம் தெருமுனைத் தள்ளுவண்டியில் பெயர் தெரியாமலேயே தினமும் செய்துபார்க்கும் சோதனை அது.

மூன்று துணிகளிலும் சூழ்ச்சிக்காரன் பாலியஸ்டர்தான். பருத்தி கருகினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். பாலியஸ்டர் பாதி வழியில் எதையும் சொல்லாது. அது ஒரு பிளாஸ்டிக். சுமார் 70, 80 டிகிரியிலேயே அதன் நார் இளகத் தொடங்கிவிடுகிறது, உருகுவது 250-ஐத் தாண்டித்தான். சுருக்கத்தை நீக்க அந்த இளகல் மட்டும் போதும். அதனால்தான் 110 டிகிரியே தாராளம். அதற்கு மேல் சூடேற்றி அழுத்தும்போது சுருக்கம் போவதோடு நாரும் நசுங்கி, ஆறியதும் அதே வடிவில் உறைந்துவிடுகிறது. பருத்தியில் வந்த மினுக்கத்தை ஈரத் துணி போட்டு நீராவி காட்டி, மெல்லப் பிரஷ் செய்தால் ஓரளவு எழுப்பலாம். பாலியஸ்டரில் உறைந்தது பெரும்பாலும் உறைந்ததுதான்.

எல்லை தாண்டுகிறோம் என்பதைக் கை முதலில் உணரும். வழுக்கிக்கொண்டு போன பெட்டி லேசாக இழுபட ஆரம்பிக்கும். அந்த இழுபறி தெரிந்த உடனே தூக்கிவிட வேண்டும். அடுத்த நிலை தட்டில் ஒட்டுவது. ஒட்டிய பாலியஸ்டர் தட்டில் பழுப்புப் படலமாக இறுகி, அடுத்து வரும் வெள்ளைச் சட்டையில் கோடு போடும்.

டெரிகாட்டன் பள்ளிச் சீருடை, ஆபீஸ் சட்டை போன்ற கலவைத் துணியிலும் விதி மாறாது. கலவையில் பருத்தி எவ்வளவு இருந்தாலும், சூட்டைத் தாங்காத பாலியஸ்டருக்கு ஏற்றபடிதான் குமிழை வைக்க வேண்டும். பாதிக்கு மேல் பருத்தி இருக்கிறதே என்று குமிழை ஏற்றினால் நசுங்கப்போவது மீதிப் பாதி.

பட்டு பிளாஸ்டிக் அல்ல, நம் தலைமுடியைப் போன்ற புரதம். அதனால் காந்தினால் முடி கருகிய வாசனைதான் வரும். பருத்தி காந்தினால் காகிதம் எரிந்த வாசனை. பட்டின் இயற்கையான பளபளப்பு, பட்டு இழையின் முக்கோணம் போன்ற வெட்டுமுகத்திலிருந்து வருகிறது. அதிகச் சூட்டில் அழுத்தினால் வெளிர்நிறப் பட்டு மஞ்சளாகும், அடர்நிறத்தில் தேய்த்த தடம் வேறு மினுக்கத்தோடு தனித்துத் தெரியும்.

காஞ்சிப் பட்டு என்றால் ஜரிகையும் சேர்ந்துகொள்கிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். உலோகம் சூட்டைப் பிடித்துக்கொள்ளும், அடியில் இருக்கும் பட்டுக்கு அது சோதனை. விலை குறைந்த புடவைகளின் ஜரிகை பிளாஸ்டிக் படலமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது சூட்டில் சுருங்கி, பார்டர் முழுக்கச் சுருக்கம் விழும். ஆகவே புடவையைப் பின்புறமாகத் திருப்பி, பழைய மல்மல் வேட்டித் துண்டை மேலே விரித்து, அதன் மீது தேய்க்க வேண்டும். பார்டரிலும் முந்தியிலும் பெட்டியை நிறுத்திவைக்கக்கூடாது.

பட்டின் மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிப்பதும் தவறு. தெளித்த நீர் காயும்போது துணியில் உள்ள மெருகுப் பொருளைத் துளியின் ஓரத்துக்குத் தள்ளி, வட்ட வட்டமாகத் தடம் விட்டுவிடும். ஈரம் வேண்டுமென்றால் மேலே விரித்த மல்மலை நன்றாகப் பிழிந்து, சீராக ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

பருத்திக்கு மட்டும் தண்ணீர் உயிர்நாடி. பருத்தி நாரின் நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. கசங்கிய நிலையில் பிடித்துக்கொண்டால் அதுதான் சுருக்கம். காய்ந்த பருத்தியில் அந்தப் பிடியை வெறும் சூட்டால் தளர்த்த முயன்றால், தளர்வதற்கு முன்பே துணி காந்திவிடும். தண்ணீர் நடுவில் புகுந்து பிடியை விலக்கினால் குறைந்த சூட்டிலேயே நிமிர்ந்துவிடும். வாயில் தண்ணீர் கொப்பளித்து 'ப்பூ' என்று தூவிய காலத்திலேயே இந்த வேதியியல் நம்மூரில் நடைமுறையில் இருந்தது. சுகாதாரத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

கஞ்சி போட்ட பருத்தியில் ஒரு குழப்பம் வரும். முதலில் பழுப்பாவது துணியல்ல, கஞ்சிதான். நனைத்துத் துவைத்தால் அந்தப் பழுப்பு போய்விடும். போகவில்லையென்றால் நாரே காந்தியிருக்கிறது. வெள்ளைப் பருத்தியில் லேசான காந்தல் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சம அளவு தண்ணீரில் கலந்து தடவிக் கொஞ்ச நேரம் விட்டு அலசினால் வெளுக்கும். கலர்த் துணியில் செய்தால் சாயமும் சேர்ந்து போய்விடும், பட்டில் செய்யவே கூடாது. காந்திய இடத்தை நகத்தால் சுரண்டும்போது பொடியாக உதிர்ந்தால், அதற்குமேல் எந்த மருந்தும் இல்லை.

ஒரு கல்யாண வீட்டுக் கூடையை எடுத்துக்கொள்வோம். கறுப்புப் பாலியஸ்டர் பேன்ட், அரக்கு நிறப் பட்டுப்புடவை, கஞ்சி போட்ட பருத்தி வேட்டி. குமிழை ஒரு புள்ளியில் வைத்து, விளக்கு இரண்டு முறை அணைந்தபின் பேன்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். இடுப்புத் தையலின் உள்ஓரத்தில் ஒரு நொடி வைத்துப் பார்க்க வேண்டும். இழுபறி இல்லை, மினுக்கம் இல்லை என்றால் மற்ற இடத்துக்குப் போகலாம். பாக்கெட் இருக்கும் இடத்தில் வெளிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டியிருந்தால் கண்டிப்பாக மேலே துணி வேண்டும். மேடான இடத்தில் மொத்த அழுத்தமும் ஒரு கோட்டில் இறங்குவதால்தான் மினுமினுப்பு அங்கே முதலில் வருகிறது. முடிந்ததும் பேன்ட்டை உடனே மடிக்காமல் விரித்தபடியே ஆறவிட வேண்டும். சூட்டோடு மடித்தால் அந்த மடிப்பும் உறைந்துவிடும்.

அடுத்து குமிழைக் கொஞ்சம் ஏற்றி, புடவையைப் பின்புறத்தில், மல்மல் மேல், பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டியபடி தேய்க்கலாம். முந்தியை மறுபடி மறுபடி தேய்க்கத் தோன்றும். ஒரு தடவை போதும், உடுத்தும்போது மிச்சம் நிமிர்ந்துவிடும். கடைசியில் மூன்று புள்ளி. வேட்டியில் கைப்பிடி நீர் தெளித்து, சுருட்டிப் பத்து நிமிடம் வைத்தால் ஈரம் சீராகப் பரவும். அதன் பிறகு அழுத்தித் தேய்க்கலாம். வேட்டியின் கடைசி மடிப்பு வரும்போது பிளக்கைப் பிடுங்கிவிடலாம், தேங்கிய சூட்டிலேயே இரண்டு கைக்குட்டைகளும் முடிந்துவிடும்.