முதலில் எண், பிறகு திரை, கடைசியில்தான் அலங்காரம்

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டின் அமைப்புப் பக்கத்திலேயே கழித்துவிட்டான். எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைத்துவிட்டு, நிழல், புகை, பிரதிபலிப்பு என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறான். “மாமா, பாதியைக் குறைச்சுட்டேன். இன்னும் திக்கித் திக்கித்தான் ஓடுது” என்றான். அவன் லேப்டாப்பில் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் சிப். திரை 144 ஹெர்ட்ஸ். எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் குறைத்துக்கொண்டே போனதுதான் சிக்கல்.

ஆகவே முதல் கேள்வி, நொடிக்கு எத்தனை ஃபிரேம் வேண்டும் என்பது. இதை ஆசைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. திரையைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. நொடிக்கு 48 ஃபிரேம் கொடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று புதுப்பிப்பு நேரம் திரையில் நிற்கும். 55 கொடுத்தால் ஒன்று இரண்டு முறை நிற்கும், அடுத்தது மூன்று முறை நிற்கும். எண் பெரிதாக இருந்தும் நடை நொண்டுவதுபோல் தெரிவது இதனால்தான். ஜி-சிங்க் போல ஃபிரேமுக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி திரையில் இருந்தால் இந்தக் கணக்கு தேவையில்லை. இவன் திரையில் அது இல்லை. 72, 48, 36 என்று மூன்று இலக்குகள்தான் இருந்தன.

மூன்றில் எது கைக்கு எட்டும்? தெளிவளவை 720பிக்கு இறக்கி, கிராபிக்ஸ் முழுவதையும் லோவில் வைத்து, கூட்டம் நெரியும் சந்தைத் தெருவில் ஓடிப் பார்த்தோம். 62க்கு மேல் ஏறவில்லை. கிராபிக்ஸ் சிப்பின் வேலையை இவ்வளவு குறைத்த பிறகும் அது 62லேயே நின்றால் தடை கிராபிக்ஸில் இல்லை, பிராசசரில் இருக்கிறது. நிழலை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கூரை உயராது. Crowd Density என்ற வரியைக் குறைத்து நடமாடும் ஆட்களைக் கழித்தால்தான் கொஞ்சம் ஏறும். 72 கனவு அங்கேயே முடிந்தது. 48 என்று காகிதத்தில் எழுதி வைத்தோம்.

அடுத்தது ரெசல்யூஷன். இது ஏன் பிரீசெட்டுக்கு முன்னால் வர வேண்டும்? 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 720பியில் 9.2 லட்சம். பிரதிபலிப்பு, மூடுபனி போன்றவற்றின் செலவு இந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அலங்காரத்தை எல்லாம் முடிவு செய்துவிட்டு இதை மாற்றினால், அதுவரை அளந்த அளவு அத்தனையும் வீண்.

முழு 1080பியில் லோ வைத்தபோதே அந்தச் சந்தையில் 44தான் வந்தது. அடிமட்டத்திலேயே இலக்கு கிடைக்கவில்லை என்றால் அந்தத் தெளிவளவை மறந்துவிட வேண்டும். எஃப்எஸ்ஆர் என்ற அப்ஸ்கேலிங்கை Quality நிலையில் போட்டோம். அது 720பியில் வரைந்து 1080பியாக விரிக்கிறது. நேரடியாக 720பி வைப்பதைவிட எழுத்துகளும் விளிம்புகளும் தெளிவாக இருக்கும். வேகமாகத் திரும்பும்போது முடியிலும் கம்பி வேலிகளிலும் லேசான நடுக்கம் தெரியும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இப்போதுதான் பிரீசெட். மீடியத்தில் 53, ஹையில் 41. மீடியம் என்று தீர்ந்தது. பிரீசெட்டை மாற்றும்போது அப்ஸ்கேலிங் வரியும் தானாக மாறியிருக்கலாம்; ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 48க்கு மேல் மிஞ்சிய ஐந்து ஃபிரேமைச் செலவழிக்க வேண்டாம் என்று அவனிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். மழையும் துப்பாக்கிச் சண்டையும் சேர்ந்து வரும்போது அவைதான் காப்பாற்றும். அளவை எப்போதும் இப்படி மோசமான இடத்தில்தான் எடுக்க வேண்டும். வெறிச்சோடிய பாலைவனச் சாலையில் எந்த லேப்டாப்பும் ஓடும்.

அப்படியும் டெக்ஸ்சரை மட்டும் ஹைக்கு ஏற்றிப் பார்த்தான். சராசரி எண் அசையவே இல்லை. ஆனால் காரில் தெருமுனை திரும்பும்போதெல்லாம் அரை நொடி உறைந்தது. டெக்ஸ்சரின் குணம் இதுதான்: கிராபிக்ஸ் நினைவகத்தில் இடம் இருக்கும்வரை ஏறக்குறைய இலவசம், 4 ஜிபி நிரம்பியதும் திடீர் விக்கல். சராசரி நன்றாக இருந்தும் விக்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முதன்மை மெனுவுக்குப் போய் மீண்டும் மீடியத்துக்கு இறக்கினோம். ஆட்டத்தின் நடுவே அந்த வரியை மாற்ற முடியாது.

கடைசியாக வேகத்தை 48ல் பூட்டினோம். பூட்டாவிட்டால் காலித் தெருவில் 60க்குப் போய், சந்தையில் 50க்கு இறங்கி, மறுபடி அதே நொண்டல். பூட்டிய பிறகு அரைமணி நேரம் விளையாட வைத்தேன், லேப்டாப் சூடான பிறகும் எண் நிற்கிறதா என்று பார்க்க. சார்ஜர் செருகியிருந்தது, பேட்டரியில் ஓட்டியிருந்தால் இந்த அளவுகள் எதுவுமே பொருந்தாது. அரைமணி கழித்தும் மூலையில் 48 அசையாமல் நின்றது. விசிறியின் இரைச்சல் முன்பைவிடக் குறைந்திருந்ததை அடுத்த அறையிலிருந்த அக்காதான் முதலில் கவனித்தாள்.