ஒரே தாவலில் நான்கு இடம்

சீட்டாடுகிறவர்கள் கையில் சீட்டை அடுக்கும் விதம்தான் இன்செர்ஷன் சார்ட். புதிதாக ஒரு சீட்டு வந்ததும், அதைவிடப் பெரியவற்றைத் தள்ளிவிட்டு உரிய இடத்தில் செருகுவார்கள். கணினியும் எண்களை இப்படி அடுக்க முடியும். வரிசை ஏற்கெனவே ஓரளவு சரியாக இருந்தால் வேலை சட்டென்று முடிந்துவிடும். கடைசியில் கிடக்கும் சின்ன எண் முன்னால் வரவேண்டும் என்றால்தான் சிக்கல்.

70 40 90 60 20 50 10 30

இதில் ஏழாவதாக நிற்கும் 10, முதலிடத்துக்கு வர ஆறு எண்களை ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். ஒரு தாண்டலை ஒரு நகர்த்தல் என்று கொண்டால், முழு வரிசைக்கும் 21 நகர்த்தல்கள் தேவை.

பக்கத்து எண்ணோடுதான் ஒப்பிட வேண்டுமா என்ன? 1959-ல் அமெரிக்கரான டொனால்ட் ஷெல் வெளியிட்ட முறை, தொலைவில் இருப்பவற்றை முதலில் ஒப்பிடுகிறது. ஷெல் சார்ட் என்ற பெயரில் இருப்பது அவர் பெயர்தான். சிப்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதலில் நான்கு இட இடைவெளி. 70-ஐ 20-உடனும், 40-ஐ 50-உடனும், 90-ஐ 10-உடனும், 60-ஐ 30-உடனும் ஒப்பிடுகிறோம். மூன்று ஜோடிகள் இடம் மாறுகின்றன:

20 40 10 30 70 50 90 60

ஏழாம் இடத்து 10, ஒரே தாவலில் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. அடுத்து இரண்டு இட இடைவெளி. ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 20, 10, 70, 90 ஒரு குழு. 40, 30, 50, 60 மற்றொன்று. குழுவுக்கு ஒரு நகர்த்தல் போதும்:

10 30 20 40 70 50 90 60

கடைசியாக இடைவெளி ஒன்று. அதாவது, பழைய இன்செர்ஷன் சார்ட்டேதான். ஆனால் எல்லா எண்ணும் தன் இடத்துக்கு அருகில் வந்துவிட்டதால் நான்கே நகர்த்தல்கள். மொத்தம் 9. இரண்டு இட இடைவெளியில் அடுக்கியபோது முந்தைய நான்கு இட ஒழுங்கு குலையவில்லை என்பதையும் கவனிக்கலாம்: 10-க்கு நான்கு இடம் தள்ளி 70, 30-க்கு 50, 20-க்கு 90, 40-க்கு 60. எந்த வரிசையிலும் இது மாறாது. முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைப்பதில் ஒரு குழி உண்டு. ஷெல் சொன்னதும் அப்படிக் குறைப்பதைத்தான்.

10 50 20 60 30 70 40 80

இங்கே நான்கு, இரண்டு ஆகிய இடைவெளிகளில் எதுவுமே நகராது. ஒற்றைப்படை இடத்து எண்ணும் இரட்டைப்படை இடத்து எண்ணும் கடைசிச் சுற்று வரை சந்திப்பதே இல்லை. ஆறு நகர்த்தல்களும் அந்தச் சுற்றின் தலையில் விழுகின்றன. இதே அமைப்பில் 1024 எண்கள் இருந்தால் 1,30,816 நகர்த்தல்கள்!

அதனால்தான் பின்னால் வந்தவர்கள் வேறு இடைவெளிகளைத் தேடினார்கள். 1963-ல் ஹிப்பர்ட் முன்வைத்தவை 1, 3, 7, 15 என்று போகும். மேலே உள்ள வரிசையில் 7 எதையும் அசைக்காது; 3 இரண்டு எண்களை நகர்த்தும்; கடைசிச் சுற்றுக்கு மிஞ்சுவது இரண்டே. கோப்புகளைச் சுருக்கும் bzip2 நிரலும் சிறிய தொகுதிகளை அடுக்க ஷெல் சார்ட்டைத்தான் வைத்திருக்கிறது. அதன் இடைவெளிகள் 1, 4, 13, 40 என மும்மடங்கோடு ஒன்று கூடிக்கொண்டே போகின்றன.