கடைசிச் சொல்லில் காத்திருக்கும் வினை

ஜெர்மன் கருவிக் கையேட்டில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'ஷால்டன் ஸீ டாஸ் கெரேட் ஃபோர் டேர் ரைனிகுங் அவுஸ்.' வினை 'அவுஸ்ஷால்டன்', அதாவது அணைத்தல். கட்டளையில் அது இரண்டாக உடைந்து, 'ஷால்டன்' முதலிலும் 'அவுஸ்' கடைசியிலும் நிற்கிறது. நடுவில் கருவியும் சுத்தம் செய்வதும் வந்துவிடுகின்றன. கடைசியில் 'அவுஸ்' இருந்த இடத்தில் 'ஐன்' வந்தால், அதே வாக்கியம் கருவியைப் போடச் சொல்லும்! ஆகவே கடைசிச் சொல்வரை படிக்காமல் மொழிபெயர்க்கத் தொடங்கக் கூடாது. அகராதியிலும் 'ஷால்டன்' என்று தேடினால் போதாது. முன்னொட்டைச் சேர்த்தே தேட வேண்டும்.

தமிழில் வினை இயல்பாகவே கடைசியில் வருவதால், 'அவுஸ்' நின்ற இடத்திலேயே உடைந்த இரண்டு துண்டுகளும் ஒன்றாகிவிடுகின்றன: 'சுத்தம் செய்வதற்கு முன் கருவியை அணைத்துவிடுங்கள்.' ஜெர்மனிலும் 'கெரேட் ஃபோர் டேர் ரைனிகுங் அவுஸ்ஷால்டன்' என்று சுருக்கமாக எழுதும் வழக்கம் உண்டு. அப்போது வினை உடைவதில்லை. தமிழைப் போலவே முழுதாகக் கடைசியில் வருகிறது.